சராசரி 51, ஐம்பதுகளில் ஒருவரும் இல்லை

ஒன்பதாம் வகுப்பில் ஒரு கணக்குத் தேர்வு முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. எழுதியவர்கள் 33 பேர். ஆசிரியர் விடைத்தாள்களைத் திருத்தி, வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி மதிப்பெண்களை ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறார். விளக்கத்துக்காக நான் அமைத்த பட்டியல்தான் இது. ஆனால் இதைப் போன்ற ஒன்றை எந்தப் பள்ளியிலும் பார்க்கலாம்.

```
35  71  28  84  44  62  17  35  78  91  30
70  23  85  41   8  76  35  64  29  96  37
73  14  82  46  26  68  35  87  32  75  21
```

வகுப்பு எப்படி எழுதியிருக்கிறது என்று தலைமை ஆசிரியர் கேட்டால், பெரும்பாலும் இரண்டு எண்கள் பதிலாகப் போகும். சராசரி 51, தேர்ச்சி பெற்றவர்கள் 23 பேர். இரண்டும் சரியான எண்கள்தான். 33 மதிப்பெண்களையும் கூட்டினால் 1,698 வருகிறது. அதை 33-ஆல் வகுத்தால் 51.45. ‘பாதிக்குப் பாதி எடுத்திருக்கிறார்கள், சுமாரான வகுப்பு’ என்ற எண்ணத்தோடு அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இதே 33 எண்களை வேறு விதமாக அடுக்கினால் முற்றிலும் வேறொரு வகுப்பு கண்ணுக்குத் தெரியும். அந்த அடுக்கு முறைக்குத் தண்டு-இலை வரைபடம் என்று பெயர். பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தில் இதைப் பார்த்து, நடுவில் ஒரு கோடும் இரண்டு பக்கமும் எண்களுமாக இருப்பதால் ஏதோ வகுத்தல் கணக்கு என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிய பெற்றோர் பலர் இருப்பார்கள். இதைப் படிப்பதற்குக் கூட்டலும் எண்ணிக்கையும் தெரிந்தால் போதும்.

எந்த மதிப்பெண்ணையும் இரண்டாகப் பிரிப்பதுதான் அடிப்படை. 62 என்பதில் பத்தாம் இடத்தில் 6 இருக்கிறது, ஒன்றாம் இடத்தில் 2 இருக்கிறது. பத்தாம் இடத்து எண் தண்டு, ஒன்றாம் இடத்து எண் இலை. தண்டுகளை 0-இலிருந்து 9 வரை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் ஒரு செங்குத்துக் கோடு போடுகிறோம். பிறகு பட்டியலை முதலிலிருந்து படித்துக்கொண்டே போய், ஒவ்வொரு மதிப்பெண்ணின் இலையையும் அதற்குரிய தண்டின் வலப்பக்கம் எழுதுகிறோம். முதல் எண் 35. மூன்றாம் தண்டுக்கு எதிரே 5. அடுத்தது 71, ஏழாம் தண்டுக்கு எதிரே 1. அடுத்தது 28; இரண்டாம் தண்டுக்கு எதிரே 8. இப்படி 33 எண்களும் முடியும்போது, மூன்றாம் தண்டின் வரிசை 5 5 0 5 7 5 2 என்று வந்த வாக்கிலேயே கிடக்கும். அதைச் சிறியதிலிருந்து பெரியதாக 0 2 5 5 5 5 7 என்று மாற்றி எழுத வேண்டும். எல்லா வரிசைகளையும் அப்படிச் சீர்செய்தால் கிடைப்பது இதுதான்:

```
0 | 8
1 | 4 7
2 | 1 3 6 8 9
3 | 0 2 5 5 5 5 7
4 | 1 4 6
5 |
6 | 2 4 8
7 | 0 1 3 5 6 8
8 | 2 4 5 7
9 | 1 6

6 | 2 என்றால் 62 மதிப்பெண்
```

புதிதாகப் படிப்பவர் ஒரே ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்லது. ஏழாம் தண்டின் வரிசை: எழுபது, எழுபத்தொன்று, எழுபத்து மூன்று, எழுபத்தைந்து, எழுபத்தாறு, எழுபத்தெட்டு. ஆறு இலைகள், ஆறு பிள்ளைகள். கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் 7 ஒரே தடவைதான் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் வலப்பக்கம் இருக்கும் ஒவ்வோர் இலையோடும் அது சேர்ந்து நிற்கிறது. இது பிடிபட்டுவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

பிடிபடாத இடங்கள் எவை என்பதும் ஓரளவு முன்கூட்டியே தெரிந்ததுதான். ஏழாம் வரிசையின் முதல் இலை 0. அதை ‘ஒருவரும் இல்லை’ என்று படிப்பவர்கள் உண்டு. அந்தப் பூச்சியம் 70 மதிப்பெண் எடுத்த ஒரு பிள்ளை. ஒருவரும் இல்லை என்றால் கோட்டுக்குப் பிறகு எதுவுமே இருக்காது, ஐந்தாம் தண்டைப் போல. அதேபோல மேல் வரிசையில் இருக்கும் 0 | 8 என்பதை 80 என்று படிப்பதும் நடக்கும். தண்டு 0, இலை 8. அந்தப் பிள்ளை எடுத்தது வெறும் 8. இன்னும் சிலர் இலையை எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டு, 4 | 1 4 6 என்பதைப் பார்த்து ‘நாற்பதுகளில் ஒருவர், நான்கு பேர், ஆறு பேர்’ என்று குழம்புவார்கள். இலையின் மதிப்பு மதிப்பெண்ணைச் சொல்கிறது. எத்தனை இலை என்பது எத்தனை பேர் என்பதைச் சொல்கிறது. நாற்பதுகளில் இருப்பது மூன்று இலை, எனவே மூன்று பேர்.

கீழே எழுதியிருக்கும் அந்த ஒற்றை வரிக் குறிப்பையும் விட்டுவிடக் கூடாது. இந்த வரைபடத்தில் 6 | 2 என்றால் 62. மொத்தம் பத்து மதிப்பெண்ணுக்குத் தசமத்தில் மதிப்பிடும் தேர்வில் அதே 6 | 2 என்பது 6.2 ஆக இருக்கலாம். உயரத்தை மீட்டரில் எழுதும் வரைபடத்தில் 1 | 4 என்பது 1.4 மீட்டராக இருக்கலாம். கோட்டுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் இருப்பவை வெறும் இலக்கங்கள்தான், அவற்றைச் சேர்த்தால் என்ன எண் கிடைக்கும் என்று அந்தக் குறிப்புதான் சொல்கிறது. ஜப்பானிய ரயில் நிலையங்களின் கால அட்டவணையும் இதே அமைப்பில்தான் இருக்கிறது. இடப்பக்கம் மணி, அதற்கு எதிரே அந்த மணியில் ரயில் கிளம்பும் நிமிடங்கள். அங்கே 8-க்கு எதிரே 05 என்று இருந்தால் எட்டு மணி ஐந்து நிமிடம் என்று பயணிகள் யோசிக்காமலே படித்துக்கொள்கிறார்கள்.

இனி வகுப்புக்குத் திரும்புவோம். எதையும் கணக்கிடுவதற்கு முன்னால் இலைகளை எண்ணிவிட வேண்டும். 1, 2, 5, 7, 3, 0, 3, 6, 4, 2. கூட்டினால் 33. எழுதியவர்கள் எண்ணிக்கையும் 33. இது சரியாக இருந்தால்தான் மேலே போக வேண்டும். பொதுவாக எங்கே தவறும் என்றால், ஒரே மதிப்பெண்ணை இரண்டு மூன்று பேர் எடுத்திருக்கும் இடத்தில்தான். ‘35 ஏற்கெனவே எழுதியாயிற்றே’ என்று அடுத்த 35-ஐக் கை விட்டுவிடும். நான்கு பேர் 35 எடுத்திருந்தால் நான்கு 5 இருக்க வேண்டும்.

வரிசைகள் சீராக அடுக்கப்பட்டிருப்பதால், மிகக் குறைந்த மதிப்பெண் மேல் வரிசையின் முதல் இலை, மிக அதிகமானது கடைசி வரிசையின் கடைசி இலை. 8-உம் 96-உம். நடுவில் நிற்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பதும் கிட்டத்தட்ட இவ்வளவு எளிதுதான். 33 பேரை மதிப்பெண் வரிசைப்படி நிற்கவைத்தால் 17-ஆவது ஆள்தான் நடு ஆள். அவருக்கு முன்னால் 16 பேர், பின்னால் 16 பேர். மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால், முதல் வரிசையோடு 1, அடுத்ததோடு 3, அடுத்து 8, முப்பதுகள் முடியும்போது 15. நாற்பதுகளில் முதல் இலை 16-ஆவது, இரண்டாம் இலை 17-ஆவது. அந்த இலை 4, எனவே நடு மதிப்பெண் 44. பாடப்புத்தகம் இதை இடைநிலை என்று சொல்கிறது. சந்தேகம் இருந்தால் கீழிருந்து மேலாகவும் எண்ணிப் பார்க்கலாம். தொண்ணூறுகளிலிருந்து அறுபதுகள் வரை 15 பேர், 16-ஆவது 46, 17-ஆவது அதே 44.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். சராசரி 51.45, நடு மதிப்பெண் 44. இரண்டும் ஒரே வகுப்பின் ‘நடு’வைச் சொல்வதாகத்தான் சொல்லிக்கொள்கின்றன, ஆனால் ஏழு மதிப்பெண்ணுக்கு மேல் இடைவெளி. காரணத்தை வரைபடமே காட்டுகிறது. தாளின் வலது ஓரம் மேலே வரும்படி திருப்பிப் பிடித்துப் பாருங்கள். இலை வரிசைகள் தரையிலிருந்து எழும் தூண்களாகிவிடும். இருபது, முப்பதுகளில் ஒரு மேடு. பிறகு நாற்பதுகளில் இறக்கம். ஐம்பதுகளில் தரையோடு தரை. அறுபதுகளில் மறுபடி ஏற்றம், எழுபதுகளில் இரண்டாவது மேடு.

ஒரே அறையில் இரண்டு வகுப்புகள் உட்கார்ந்திருக்கின்றன. 46-ஐத் தாண்டாத 18 பேர், 62-க்குக் கீழே இறங்காத 15 பேர். இடையில் பதினைந்து மதிப்பெண் அகலத்துக்கு ஒருவருமே இல்லை. சராசரியான 51.45 விழுந்திருப்பது அந்த வெற்றிடத்துக்குள்தான். ‘இந்த வகுப்பின் சராசரி மாணவர்’ என்று ஒருவரைத் தேடிப் போனால், அந்த மதிப்பெண்ணுக்கு அக்கம்பக்கத்தில்கூட ஒருவரும் கிடைக்கமாட்டார். சராசரியை வைத்துக்கொண்டு ‘சுமாரான பிள்ளைகளுக்கு ஏற்றபடி’ அடுத்த பாடத்தை நடத்தினால், மேல் மேட்டில் இருப்பவர்களுக்கு அது போதாது, கீழ் மேட்டில் இருப்பவர்களுக்கு அது எட்டாது.

ஐந்தாம் தண்டுக்கு எதிரே இலை ஏதும் இல்லையே, அந்த வரிசை எதற்கு என்று அதை நீக்கிவிடுவது தொடக்கத்தில் பலர் செய்யும் தவறு. நீக்கினால் என்ன ஆகும் என்று விரலால் அந்த வரிசையை மறைத்துப் பார்த்தாலே தெரியும். நாற்பதுகளின் மூன்று இலைக்குக் கீழேயே அறுபதுகளின் மூன்று இலை வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு மேடுகளுக்கு இடையே இருந்த பள்ளம் லேசான சரிவாகத் தெரியும். இந்த வகுப்பைப் பற்றி இந்தப் படம் சொல்லும் மிக முக்கியமான செய்தி அந்த வெற்று வரிசையில்தான் இருக்கிறது, அதனால் அது இருந்தே ஆக வேண்டும்.

இலைகளுக்கு நடுவே சமமான இடைவெளி விடச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். கையால் எழுதும்போது 1 ஒல்லியாக வரும், 8 அகலமாக வரும். ஐந்து ஒன்றுகளைவிட மூன்று எட்டுகள் நீளமாகத் தெரிந்தால் மேடு எது, பள்ளம் எது என்ற கணிப்பே தவறிவிடும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஓர் இலை என்று எழுதினால் இந்தக் கவலை இல்லை. கணினியில் தட்டச்சு செய்பவர்கள் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இதுவரை சொன்ன மேடு பள்ளங்களைச் சாதாரணப் பட்டை வரைபடமும் காட்டிவிடும். தண்டு-இலை வரைபடத்துக்கென்று இருக்கும் தனிச் சிறப்பு மூன்றாம் வரிசையில் தெரிகிறது. 0 2 5 5 5 5 7. நிகழ்வெண் பட்டியலாகப் போட்டிருந்தால் ‘30 முதல் 39 வரை 7 பேர்’ என்ற ஒரு வரியோடு இது முடிந்திருக்கும். இங்கே அந்த ஏழு பேரும் தங்கள் தங்கள் மதிப்பெண்ணோடு நிற்கிறார்கள். அதனால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. தேர்ச்சி மதிப்பெண்ணான 35-இல் நான்கு பேர். அதற்கு ஒன்றிரண்டு குறைவான 33, 34 இரண்டிலும் ஒருவர்கூட இல்லை. வகுப்பு முழுவதிலும் வேறு எந்த மதிப்பெண்ணையும் இரண்டு பேர் சேர்ந்து எடுக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

திருத்தும் கைக்கு இது தெரிந்த கதைதான். ஒரு தாளின் கூட்டல் 33-இல் வந்து நிற்கும்போது, ஏதாவது ஒரு கணக்கில் வழிமுறைக்கு இன்னும் இரண்டு மதிப்பெண் தர முடியுமா என்று மறுபடி புரட்டிப் பார்க்காத ஆசிரியர் அரிது. அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலும் அது பரிவிலிருந்து வருவது. ஆனால் அதன் தடம் எண்களில் தங்கிவிடுகிறது. போலந்து நாட்டின் பள்ளி இறுதித் தேர்வில் தேர்ச்சிக்கு 30 சதவீதம் வேண்டும். அங்கே வெளியான போலந்து மொழித் தாளின் மதிப்பெண் பரவலில், 30-க்குச் சற்றுக் கீழே திடீரென ஒரு பள்ளமும், 30-ஐத் தொட்டதும் திடீரென ஓர் உயர்வும் இருந்தது பரவலாகப் பேசப்பட்டது. அது நாடு முழுவதும் எழுதிய தேர்வு, எனவே அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. நம் வகுப்பில் இருப்பது 33 பேர்தான். நான்கு பேர் இயல்பாகவே 35 எடுத்திருக்கவும் கூடும். இந்த நான்கு ஐந்துகளை வைத்துக்கொண்டு யார்மீதும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் அந்த நான்கு விடைத்தாள்களை எடுத்து மறுபடி பார்க்க இது போதுமான காரணம். அவர்களில் யாராவது உண்மையில் 33-இல் நின்றிருந்தால், ‘பாஸ்தானே’ என்று அந்தப் பிள்ளையைச் சிறப்பு வகுப்புக்குச் சேர்க்காமல் விட்டுவிடுவோம். இழப்பு அந்தப் பிள்ளைக்குத்தான்.

இந்த முறையைப் பரவலாக்கியவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி. 1977-இல் வெளியான ‘எக்ஸ்ப்ளோரட்டரி டேட்டா அனாலிசிஸ்’ என்ற அவருடைய நூலில் இதற்கு முக்கியமான இடம் உண்டு. பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டு, சூத்திரங்களுக்குள் போவதற்கு முன்னால் எண்கள் எப்படிக் கிடக்கின்றன என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய வழி. கணினி இல்லாத பள்ளியிலும் இது நடக்கும். 33 பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கு ஐந்து நிமிடம் போதும்.

எல்லாத் தேர்வுக்கும் இதே அளவுகோல் பொருந்தாது. வகுப்பில் அடிக்கடி நடப்பது 25 மதிப்பெண் சிறு தேர்வுகள். அங்கே தண்டுகள் 0, 1, 2 என்று மூன்றே மூன்றுதான் வரும். 20 பேர் எழுதிய ஒரு சிறு தேர்வை அப்படிப் போட்டால் எல்லாரும் நடு வரிசையில் போய்க் குவிந்துவிடுவார்கள்:

```
0 | 4 7 9
1 | 0 1 2 2 3 5 6 7 7 8 8 9
2 | 0 1 1 3 4
```

இதைப் பார்த்து எதுவும் சொல்வதற்கில்லை. ஒவ்வொரு தண்டையும் இரண்டு முறை எழுதி, முதல் வரிசையில் 0 முதல் 4 வரையுள்ள இலைகளையும், இரண்டாம் வரிசையில் 5 முதல் 9 வரையுள்ள இலைகளையும் போட்டால் கொஞ்சம் விரிந்து கொடுக்கும்:

```
0 | 4
0 | 7 9
1 | 0 1 2 2 3
1 | 5 6 7 7 8 8 9
2 | 0 1 1 3 4
2 |

1 | 5 என்றால் 15 மதிப்பெண்
```

ஒரே தண்டு இரண்டு தடவை வருவதைப் பார்த்து அச்சுப்பிழை என்று எண்ண வேண்டியதில்லை. இப்போது நடு மேடு 15-க்கும் 19-க்கும் இடையில் இருப்பது தெரிகிறது. கடைசி வரிசை வெறுமையாக இருப்பதால், 25-க்கு 25 எடுத்தவர் யாரும் இல்லை என்பதும் தெரிகிறது. எதிர்ப்பக்கத்தில், நூற்றுக்கு நூறு எடுத்த பிள்ளை இருந்தால் தண்டு 10, இலை 0 என்று ஒரு வரிசை கூடுதலாக வரும். பிளஸ் டூ மொத்த மதிப்பெண் போல 600 வரை போகும் எண்களுக்கும், மாவட்டம் முழுவதும் எழுதிய பொதுத்தேர்வுக்கும் இந்த வரைபடத்தை இழுக்காமல் இருப்பது நல்லது. முன்னதில் வரிசைகள் அறுபதை எட்டிவிடும். பின்னதில் ஒரு வரிசை பக்கத்தைத் தாண்டிப் போய்விடும். ஒரு வகுப்பறை, ஒரு தேர்வு, இருபதிலிருந்து ஐம்பது அறுபது பேர். இது அதற்கென்றே அமைந்த படம்.

இரண்டு தேர்வுகளை ஒப்பிடவும் இது உதவும். நம் வகுப்பில் கீழ் மேட்டில் இருந்தவர்களுக்குச் சில வாரங்கள் தனியாகப் பாடம் நடத்திவிட்டு அடுத்த தேர்வு வைத்ததாகக் கொள்வோம். நடுவில் தண்டுகளை நிறுத்தி, இடப்பக்கம் முதல் தேர்வின் இலைகளையும் வலப்பக்கம் இரண்டாம் தேர்வின் இலைகளையும் எழுதலாம்:

```
  முதல் தேர்வு | இரண்டாம் தேர்வு

            8 | 0 |
          7 4 | 1 | 6
    9 8 6 3 1 | 2 | 4 8
7 5 5 5 5 2 0 | 3 | 1 5 6 8 9
        6 4 1 | 4 | 0 2 3 5 7 8
              | 5 | 1 4 6
        8 4 2 | 6 | 0 3 5 9
  8 6 5 3 1 0 | 7 | 2 4 4 7
      7 5 4 2 | 8 | 1 3 6 8
          6 1 | 9 | 0 3 5
```

இடப்பக்கத்தைப் படிக்கும்போதுதான் கவனம் வேண்டும். அங்கே சிறிய இலை தண்டை ஒட்டி இருக்கிறது, பெரியது வெளியே போகிறது. எனவே எப்போதும் தண்டிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகப் படிக்க வேண்டும். இடப்பக்கம் நான்காம் வரிசை 41, 44, 46. எழுதியிருக்கும் வரிசையிலேயே இடமிருந்து வலமாக 6, 4, 1 என்று போய், கடைசியில் தண்டைச் சேர்த்து 6414 என்று ஓர் எண்ணை உண்டாக்கிக்கொள்பவர்களும் உண்டு. ஓர் இலை, ஒரு பிள்ளை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் அந்தத் தவறு வராது.

வலப்பக்கத்தில் ஐம்பதுகளின் பள்ளம் மூடியிருக்கிறது. மூன்று பேர் அங்கே வந்துவிட்டார்கள். நாற்பதுகளில் மூன்று பேர் ஆறாகியிருக்கிறார்கள். 35-க்குக் கீழே 10 பேர் இருந்த இடத்தில் இப்போது 4 பேர். 35-இன் மீது இருந்த குவியலும் இல்லை. அதே நேரம் 60-உம் அதற்கு மேலும் எடுத்தவர்கள் முதல் தேர்விலும் 15, இரண்டாம் தேர்விலும் 15. மாற்றம் நடந்தது கீழ்ப் பாதியில் என்று படம் சொல்கிறது, தனிப்பாடம் நடந்ததும் அவர்களுக்குத்தான். முதல் தேர்வின் சராசரி 51.5, இரண்டாவதன் சராசரி 57.6 என்ற இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் வைத்திருந்தால், வகுப்பு மொத்தமும் ஆளுக்கு ஆறு மதிப்பெண் ஏறியிருக்கிறது என்றுதான் நினைத்திருப்போம்.

இந்த இடத்தில் படத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். இலைகளுக்குப் பெயர் இல்லை. இரண்டாம் தேர்வில் நாற்பதுகளில் நிற்கும் ஆறு பேர் முப்பதுகளிலிருந்து ஏறியவர்களா, அறுபதுகளிலிருந்து இறங்கியவர்களா என்று இதைப் பார்த்துச் சொல்ல முடியாது. மேலே 15 பேர் என்பது இரண்டு தடவையும் அதே 15 பேர்தானா என்பதும் தெரியாது. யாரோ ஒருவர் 71-இலிருந்து 42-க்கு விழுந்து, வேறு ஒருவர் 37-இலிருந்து 63-க்கு ஏறியிருந்தாலும் படம் இப்படியேதான் இருக்கும். அதற்குப் பதிவேட்டு வரிசையில் எழுதிய பழைய பட்டியலுக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு பிள்ளையின் இரண்டு மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதனால் வரைபடம் போட்டாயிற்று என்று அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிடக் கூடாது.

வலப்பக்க இலைகளையும் எண்ணியாக வேண்டும். 0, 1, 2, 5, 6, 3, 4, 4, 4, 3. கூட்டினால் 32. ஒருவர் குறைகிறார். மேல் வரிசையில் 8 மதிப்பெண் இருந்த இடம் இரண்டாம் தேர்வில் வெறுமையாக இருப்பதை முன்னேற்றம் என்று எழுதுவதற்கு முன்னால் வருகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். முதல் பட்டியலில் 16-ஆவதாக இருக்கும் அந்தப் பிள்ளை இரண்டாம் தேர்வுக்கு வரவில்லை என்று அங்கே இருந்தால், ஒப்பீட்டை மற்ற 32 பேரை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும். அப்போது நடு இடத்தில் இரண்டு பேர் நிற்பார்கள். அவர்கள் மதிப்பெண்களின் கூட்டுத்தொகையில் பாதியை எடுத்துக்கொள்வது வழக்கம். முதல் தேர்வில் 16-ஆவது 44, 17-ஆவது 46, எனவே 45. இரண்டாம் தேர்வில் 54-உம் 56-உம், எனவே 55. சராசரி 52.8-இலிருந்து 57.6-க்கு வந்திருக்கிறது. வராத பிள்ளையின் மதிப்பெண்ணை இந்தக் கணக்கில் எங்கும் சேர்க்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்பதை வகுப்பாசிரியர் வீட்டில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.